முதலில் வைக்க வேண்டிய கேள்வி

ஒரு இடம் மாறுகிறது என்றால் ஜனங்கள் முதலில் எதைக் கேட்பார்கள் என்பது அந்த இடத்தை நடத்துகிறவருக்குத் தெரியவே தெரியாது. வரதராஜுக்கும் தெரியவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒன்பது வருஷமாக இருந்த டயாலிசிஸ் சென்டரை ராஜபாளையத்துக்கு மாற்றப் போகிறார்கள், அவர்தான் நிர்வாகி. நோயாளிகளுக்குக் கொடுக்க ஒரு கேள்வி-பதில் தாளை அவரே உட்கார்ந்து எழுதினார். முதல் கேள்வி: ‘ஏன் இந்த மாற்றம்?’ இரண்டாவது: ‘புதிய மையத்தின் சிறப்பம்சங்கள் என்ன?’ மூன்றாவது கேள்விக்கு நிறுவனரின் கனவைப் பற்றிப் பதில் இருந்தது. இதை எந்த மனுஷன் எங்கே கேட்டான் என்று ஒருத்தராவது அவரிடம் கேட்க வேண்டுமே. வஞ்சுளவல்லி கேட்டாள்.

வல்லி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். சென்டரின் வரவேற்பு மேஜையும் போனும் ஏழு வருஷமாக அவள் கையில். வீடு தேரடிக்குப் பின்னால், சென்டருக்கு நடந்தே வந்துவிடுகிற தூரம். இடமாற்றம் பற்றிப் பேச்சு கிளம்பிய நாளிலிருந்து அவள் ஒரு நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டுக்கொண்டு வந்தாள். போன் எடுத்ததும் எதிர்முனையில் வருகிற முதல் கேள்வி எதுவோ, அதற்கு நேரே ஒரு கோடு. மூன்று வாரத்தில் நூற்று அறுபது கோடு. அந்த நோட்டைக் கொண்டுபோய் வரதராஜ் முன்னால் விரித்து வைத்தாள்.

“சார், ஏன் மாத்துறீகன்னு கேட்டது ரெண்டே பேரு. அதுலயும் ஒருத்தர் எடத்தோட ஓனரு. ‘என் முறை மாறுமா, அதே நாள், அதே நேரம் கெடைக்குமா’ன்னு கேட்டது எழுபத்தோரு பேரு. காப்பீட்டு அட்டை அங்கயும் செல்லுமான்னு நாப்பது. எப்படி வந்து சேரன்னு முப்பத்தஞ்சு. இந்த வரிசையிலதான் போடணும் சார். பயம் எதுல ஜாஸ்தியோ அது மேல இருக்கணும்.”

“கனவ எங்கம்மா போட?” என்றார் வரதராஜ்.

“கடைசில போடுங்க. வாசிக்கதுக்குத் தெம்பு மிச்சம் இருக்கவுக வாசிச்சிக்கிடுவாக.”

வரதராஜ் கெட்ட மனுஷன் இல்லை. ராஜபாளையத்துக்காரர், கணக்கில் புலி, யாரையும் அடாபுடா என்று பேச மாட்டார். நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “சரிம்மா, நீயே எழுது, நான் பாத்துத் தாரேன்” என்று சொல்லிவிட்டார். வல்லிக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. ஏழு வருஷத்தில் அவள் சொன்ன ஒரு விஷயத்தை அந்த ஆள் அப்படியே ஒப்புக்கொண்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷம் எவ்வளவு கெடுதலாக முடியும் என்று அவளுக்கு அப்போது எப்படித் தெரியும்?

இதில் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு வாரத்துக்கு இரண்டு நாள், மூன்று நாள் மெஷினில் போட்டு ரத்தத்தைச் சுத்தம் செய்தால்தான் உயிர். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். ஒரு முறை தவறினால் கால் வீங்கும், தண்ணீர் நெஞ்சுக்கு ஏறும், படுத்தால் மூச்சு முட்டும். அதனால் ‘முறை’ என்பது அங்கே ரேஷன் கடை வரிசை மாதிரி கிடையாது. தன் நாளையும் நேரத்தையும் அவரவர் உயிரைப் போலப் பிடித்து வைத்திருப்பார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் சென்டரில் ஆறு மெஷின். ஐந்து ஹாலில். ஆறாவது, பின்பக்கம் ஒரு சின்ன அறையில் தனியாக. நாற்பத்திரண்டு நோயாளிகளில் அந்த அறைக்குப் போகிறவள் செல்லத்தாய் ஒருத்திதான். மகாராஜபுரத்துக்காரி, ஐம்பத்தைந்து வயசு, புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. அண்ணன் மகன் பாண்டிதுரை மதுரையில் போலீஸ். தனி அறையில் படுக்கிறதால் அவளுக்குப் பெரிய இடத்துச் சிபாரிசு இருக்கிறது என்று மற்றவர்கள் பேசிக்கொள்வார்கள். அவளும் சிரித்துக்கொண்டு போய்விடுவாள். உண்மை வேறே. அவள் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் இருந்தது. அது ரத்தத்தோடு ரத்தம் கலந்தால் பரவும். அதனால் அந்த வைரஸ் உள்ளவர்களுக்குத் தனி மெஷின், தனி அறை வேண்டும் என்பது விதி. பக்கத்தில் உட்கார்ந்தாலோ பேசினாலோ ஒன்றும் ஆகாது. ஆனால் இதையெல்லாம் ஊருக்கு உட்கார்ந்து விளக்க முடியுமா? டாக்டர், டெக்னீஷியன் பேச்சிமுத்து, வல்லி, வரதராஜ், இந்த நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாமல் ஐந்து வருஷம் ஓட்டியிருந்தாள்.

அவள் போனில் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை, மெஷினிலிருந்து இறங்கி, ஹால் காலியாகிற வரைக்கும் செருப்பை மாட்டுகிற மாதிரி குனிந்துகொண்டே இருந்தாள். எல்லோரும் போன பிறகு மேஜைக்கு வந்தாள்.

“தாயி, அங்கன எனக்குத் தனி ரூம் இருக்கா?”

“இருக்குக்கா. ரூம் கட்டியாச்சு.”

“மெஷினு?”

“இந்த மெஷினத்தான் அங்க கொண்டு போறாக.”

“அப்பச் சரி. வெளிய போர்டு கீர்டு எதுவும் மாட்டிராம பாத்துக்கோ.” அவ்வளவுதான் சொன்னாள். வல்லி நோட்டில் புதிதாக ஒரு வரி எழுதி, நேரே ஒரு கோடு போட்டாள். நூற்று அறுபதுக்கு மேலே ஒன்று.

அன்றைக்கே ராஜபாளையத்துக்குப் போன் போட்டு விசாரித்தால், அறை இருக்கிறது, அதற்குள் தண்ணீர் இல்லை. டயாலிசிஸ் மெஷினுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது, ஆர்.ஓ. பிளான்டில் சுத்தம் பண்ணின தண்ணீர் தனிக் குழாயில் வர வேண்டும். ஹாலுக்குக் குழாய் போட்டாகிவிட்டது. பின் அறைக்கு இழுக்க வேண்டிய பிளம்பர் சிவகாசியில் வேறு வேலையில் மாட்டிக்கொண்டான். என்றைக்கு வருவான் என்று அவனுக்கே தெரியாது.

வல்லி தாளை எழுதினாள். முதல் கேள்வி, ‘என் முறை மாறுமா?’ பதில்: ‘மாறாது. அதே நாள், அதே நேரம்.’ அதற்கு நேர் கீழே இரண்டாவதாக இப்படி எழுதினாள்: ‘தனி அறையில் டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு?’ பதில்: ‘அறை இன்னும் தயாராகவில்லை. எந்தத் தேதி என்று இப்போது சொல்ல முடியவில்லை. தயாரானதும் நாங்களே அழைத்துச் சொல்வோம். அதுவரை மதுரையில் ஏற்பாடு செய்து தருகிறோம்.’

வரதராஜ் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

“இத எத்தன பேரு கேட்டாக?”

“ஒருத்தர், சார்.”

“நீதானம்மா சொன்ன, கோடு ஜாஸ்தி உள்ளதுதான் மேலன்னு. ஒரு கோட்டுக்கு ரெண்டாவது எடமா?”

வல்லி நோட்டில் அந்த ஒற்றைக் கோட்டைப் பார்த்தாள். அவர் மேலும் சொன்னார்: “தெரியாது, சொல்ல முடியலன்னு யாராவது அச்சடிச்சுக் குடுப்பாகளா? சென்டர் தெறக்கும்போதே பேரு கெட்டுப்போவும். அது போக, தனி ரூம்னு போட்டா மத்த நாப்பத்தோரு பேரும் அது யாருக்கு, எதுக்குன்னு கேப்பாக. அந்தம்மா மானத்தக் காப்பாத்தணும்னா இத எடுத்துரு.”

“அப்போ முதப் பதிலையாச்சும் மாத்தணும் சார். மாறாதுன்னா அவுகளுக்கும் மாறாதுன்னுதான அர்த்தம்.”

“ஞாயித்துக்கெழமைக்குள்ள கொழா வந்துரும், நான் நின்னு முடிக்கேன். அவுகளுக்கு மட்டும் போன் போட்டு எதுக்கு வயித்துல புளியக் கரைக்க? முடியலைன்னாப் பாத்துக்குவோம்.”

அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயம் மாதிரியே இருந்தது. அதுதான் கொடுமை. வல்லி இன்னும் ஒரு வார்த்தை அழுத்திப் பேசியிருக்கலாம். பேசவில்லை. அவள் போட்ட வரிசை அப்படியே நிற்கிறதே, ஒரு வரிதானே போகிறது என்று மனசு சமாதானம் சொல்லிற்று. தாள் அச்சாகி வந்தது. வியாழக்கிழமை, பழைய சென்டரின் கடைசி வாரத்தில், ஆளுக்கு ஒன்று கொடுத்தாள். வாங்கினவர்கள் முதல் கேள்வியைப் பார்த்ததுமே முகம் தெளிந்து மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அதற்குக் கீழே வாசிக்கவே இல்லை. வல்லிக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தாள் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும், முதல் வரியிலேயே மூச்சு வர வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

செல்லத்தாயும் எழுத்துக் கூட்டி அந்த முதல் கேள்வியை வாசித்தாள். வல்லியைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். வல்லி அவளைக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை இருக்கிறதே.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரதராஜிடமிருந்து செய்தி வரும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். வரவில்லை. அவளாகப் போட்டாள். “நாளைக்குக் காலைல வருதான்மா, முடிச்சிருவான்” என்றார்.

திங்கட்கிழமை பிளம்பர் வரவில்லை. வேன் வந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நோயாளிகளை ஏற்றிக்கொண்டு காலை வேன் ராஜபாளையத்தில் நின்றபோது, செல்லத்தாய் கடைசியாக இறங்கினாள். வியாழனுக்குப் பிறகு நாலு நாள். கால் தூண் மாதிரி வீங்கியிருந்தது. பத்தடி நடந்து நின்று மூச்சு வாங்கினாள். புது ஹாலில் பத்து மெஷினும் வரிசையாகப் பளபளத்தன. நாலில் ஆள் ஏறியாகிவிட்டது, ஆறு சும்மா இருந்தது. பின் அறை பூட்டியிருந்தது.

பேச்சிமுத்து வல்லியைத் தள்ளிக்கொண்டு போய், “இவியள ஏன்க்கா வரச் சொன்னிய? ரூம்ல தண்ணி இல்லையே” என்றான். செல்லத்தாய் அதற்குள் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். வல்லி பக்கத்தில் போய்க் குனிந்து, “அக்கா, உங்க ரூம் இன்னிக்கு ரெடி ஆவல. மதுரையில பாப்போம்” என்றாள்.

“மதுரையா?” என்றாள் செல்லத்தாய். “பாண்டிதுரை மதுரை ஆசுவத்திரியில இன்னிக்கு எனக்கு முறை வாங்கி வச்சிருந்தான் தாயி. எதுக்கும் இருக்கட்டும் அத்தைன்னான். நான்தான் காயிதத்துல மாறாதுன்னு போட்டுருக்காக, வேண்டாம்னு சொல்லிட்டேன். அத வேற ஆளுக்குக் குடுத்துட்டாக.”

அவள் குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். வல்லிக்கு அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போல இருந்தது.

அடுத்த நாற்காலியில் தனுஷ்கோடி உட்கார்ந்திருந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வத்திராயிருப்புக்காரர், நாலு வருஷமாக செல்லத்தாயோடு ஒரே பஸ்ஸில் வந்து போகிறவர். அவருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றார்.

“ஏம்ப்பா, ஆறு மெஷின் சும்மா கெடக்கு, இந்தப் பொம்பள மூச்சு வாங்கிட்டு உக்காந்திருக்கு, என்னத்த மதுரைக்குப் போவச் சொல்லுதிய? ஒண்ணுல போடுங்க. இல்லையா, எனக்கு வச்சிருக்க மெஷின்ல போடுங்க. நான் செத்த நேரம் இருந்து ஏறிக்கிடுதேன்.”

ஹால் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “ஆமாப்பா, போடுங்க” என்று இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோருக்கும் அவள் மேல் இரக்கம்.

“அப்படிப் போட முடியாது சார்” என்றான் பேச்சிமுத்து.

“ஏன் முடியாது?”

“ரூல்ஸ் சார்.”

“என்ன ரூல்ஸு? உசுர விடவா பெருசு? மெஷின் இருக்கு, ஆளு இருக்கு. காரணத்தச் சொல்லு.”

பேச்சிமுத்து நல்ல பையன், வேலை தெரிந்தவன், ஆனால் பொய் சொல்லத் தெரியாதவன். “அவியள பொது மெஷின்ல போடக்கூடாது சார்” என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். வல்லி ஏதாவது சொல்லி மூடியிருக்க வேண்டும். ஒரு பொய்யும் வாய்க்கு வரவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளுக்கு இதெல்லாம் அத்துப்படி. மூன்று மாதத்துக்கு ஒரு தரம் அவர்களுக்கு எடுக்கிற ரத்தப் பரிசோதனை எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். செல்லத்தாயின் நாற்காலி முதுகில் ஊன்றியிருந்த கையைத் தனுஷ்கோடி எடுத்துக்கொண்டார். வேஷ்டியில் துடைத்தார். பிறகு இரண்டு நாற்காலி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

செல்லத்தாய் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும். டாக்டர் வந்து பார்த்து ஆக்ஸிஜன் வைத்து ஏற்றி அனுப்பினார். மதுரையில் அவசரத்துக்கென்று ஒரு மெஷின் கிடைத்தது. மூன்று நாள் ஐ.சி.யு.வில் கிடந்து பிழைத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதல் போன் தனுஷ்கோடியுடையது.

“அந்தப் பொம்பளைக்குப் போட்ட மெஷின நீங்க இங்கதான கொண்டாந்திருக்கிய? அதுல என்னையப் போட்டுர மாட்டியளே?”

இரண்டாவது போனிலும் அதே கேள்வி. மூன்றாவதில் ஒரு பெண், வேனில் அந்தம்மா உட்கார்ந்த சீட்டைக் கழுவினார்களா என்று கேட்டாள். மத்தியானத்துக்குள் இருபத்தாறு. வல்லியின் கை பழக்கதோஷத்தில் கோடு போட்டுக்கொண்டே போயிற்று. சாயங்காலம் வரதராஜ் வந்து நோட்டை எட்டிப் பார்த்தார்.

“புதுசா ஒரு தாள் அடிக்கணும்மா. அந்த மெஷின் விஷயத்தத்தான் முதல்ல போடணும். நீ சொன்ன மாதிரியே, பயம் எதுல ஜாஸ்தியோ அது மேல.”

அவர் குத்திக்காட்டவில்லை. அவள் வாக்கியத்தை உண்மையிலேயே மதித்துச் சொன்னார். அதற்குப் பதில் அவர் அவளை அறைந்திருக்கலாம்.

“போன வாரம் இத எழுத விடலையே சார்” என்றாள் வல்லி.

“போன வாரம் ஒரு ஆளும்மா. இப்ப எல்லாரும் கேக்காகல்ல.”

“சார், எழுதமாட்டேன்.”

“நீ எழுதலைன்னா நான் எழுதணும். நான் எழுதுனா எப்படி இருக்கும்னு ஒனக்கே தெரியும்.”

தெரியும். அவர் எழுதினால், செல்லத்தாய் பேரைப் போடாமலே செல்லத்தாயைத் தெருவில் நிறுத்துகிற மாதிரிதான் எழுதுவார். வல்லி எழுதினாள். அழுதுகொண்டே எழுதினாள், அதைப் பார்க்க ஆளில்லை. ‘தொற்று உள்ளவர்களின் மெஷின் மற்றவர்களுக்குப் பயன்படுத்தப்படுமா?’ பதில்: ‘ஒருபோதும் இல்லை. அவர்களுக்குத் தனி அறை, தனி மெஷின் உண்டு. ஒரே இடத்தில் உட்காருவதாலோ, சேர்ந்து பயணம் செய்வதாலோ இது பரவாது.’ கடைசி வாக்கியத்தை வரதராஜ், தாள் நீளமாகிறது என்று எடுத்துவிட்டார். புதன்கிழமை பிளம்பர் வந்து இரண்டு மணி நேரத்தில் குழாயைப் போட்டுவிட்டுப் போனான். அதற்குப் பிறகுதான் தாளில் ‘அறை தயார்’ என்று ஒரு வரி சேர்ந்தது. வியாழக்கிழமை தாள் எல்லார் கைக்கும், எல்லார் வாட்ஸப்புக்கும் போயிற்று. போன்கள் நின்றுவிட்டன. தாள் நன்றாக வேலை செய்தது என்று தலைமை அலுவலகத்திலிருந்து வரதராஜுக்குப் பாராட்டு வந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வல்லி மகாராஜபுரத்துக்குப் போன் போட்டாள். நேரில் போக மனசு துணியவில்லை.

“அக்கா, வல்லி பேசுதேன். ஒடம்பு எப்படி இருக்கு?”

“இருக்கேன்.”

“ரூம் ரெடியாயிட்டுக்கா. தண்ணி வந்துட்டு. நாளைக்கு உங்க முறை இருக்கு. அதே நாள், அதே நேரம்.” சொல்லி முடிக்கும்போதே அந்த வார்த்தைகள் அவள் வாயிலேயே கசந்தன.

“தெரியும் தாயி. புதுக் காயிதம் இங்கயும் வந்துச்சு. முதக் கேள்வியே அதான. டீக்கடையில எல்லாருமா வாசிச்சாக. யாருன்னு கேட்டதுக்கு தனுஷ்கோடி அண்ணாச்சி வீட்டுல சொல்லிருக்காக. என்னையக் களையெடுக்கக் கூப்புடுத பொம்பள, நான் தொடக்கூடாதுன்னு நேத்து தண்ணிக் கொடத்த எங்கிட்ட இருந்து வாங்கி வச்சிக்கிட்டா.”

“நாளைக்கு வாரீகளாக்கா?” என்றாள் வல்லி.

“வரல. மதுரைக்கே போய்க்கிடுதேன். மூணு பஸ் மாறணும். இருந்தாலும் அங்கன எவனுக்கும் என்னையத் தெரியாது.”

“திரும்பி வாரப்போ தலை சுத்துமேக்கா. அம்புட்டு தூரம் வாரத்துக்கு ரெண்டு தடவ…”

“சுத்தும்.”

“நான் உங்களுக்குப் போன் போட்டிருக்கணும். வெள்ளிக்கெழமையே போட்டிருக்கணும்.”

அந்தப் பக்கம் ஒரு கோழியை விரட்டுகிற சத்தம் கேட்டது. செல்லத்தாய் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. வல்லி போனை விட மாட்டாமல், ஏழு வருஷமாக ஒவ்வொரு அழைப்பின் முடிவிலும் கேட்டுப் பழகினதையே கேட்டாள்.

“வேற ஏதாவது கேக்கணுமாக்கா?”

“ஒருக்க கேட்டேம்லா தாயி” என்றாள் செல்லத்தாய். “இனி எங்கிட்ட கேள்வி ஒண்ணும் இல்ல. வைக்கேன்.”